இரண்டுக்கு முன்னால் பிறந்த மூன்று

"மாசக் கடைசி நாள் ராத்திரி மட்டும் ஒரு பக் வருது. காலையில் பகல் டீம் பார்த்தால் காணோம், டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். நைட் ஷிஃப்ட்டில் தனியாக இருக்கும் சப்போர்ட் ஆள் இதை எப்படித் தேடிப் பிடிப்பது? யாராவது பிடித்திருக்கிறீர்களா?"

பிடித்திருக்கிறேன். ஏழு மாதம் ஆனது. உங்கள் பக்கும் என்னுடையதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் முதலில் ஒன்று செய்யுங்கள்: எந்தெந்த மாதக் கடைசியில் பக் வந்தது என்று எழுதுங்கள், பக்கத்திலேயே எந்தெந்த மாதக் கடைசியில் வரவில்லை என்றும் எழுதுங்கள். என் கதையில் கதவைத் திறந்தது அந்த இரண்டாவது வரிசைதான். அதை நான் முதல் மாதமே எழுதியிருந்தால், ஒரு நல்ல மனிதர் மாதக்கணக்கில் திட்டு வாங்கியிருக்க மாட்டார்.

நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஷிஃப்ட். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு ஒரு கணக்கு மென்பொருள் உண்டு, அதற்குச் சப்போர்ட். ராத்திரியில் எதற்கு ஆள் என்று கேட்பவர்களுக்கு: இலை லாரிகள் மலை வளைவுகளில் சுற்றி வந்து சேரவே இருட்டிவிடும். எடை போட்டு, வாட்டும் தொட்டியில் பரப்பி, விசிறியை ஓட விட்டால்தான் மறுநாள் அரைக்கப் பதமாக இருக்கும். கணக்கர் அன்றைய சீட்டுகளை முடிக்கும்போது மணி பத்து, பத்தரை ஆகிவிடும். தொழிற்சாலையிலிருந்து யார் போன் செய்தாலும் பின்னால் அந்த விசிறிகளின் இரைச்சல் கேட்கும்.

இந்தத் தொழிலில் மாதம் என்பது வெறும் காலண்டர் தாள் இல்லை. பச்சை இலைக்கான விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. எந்த மாதக் கணக்கில் இலை ஏறியதோ அந்த மாத விலைதான் விவசாயிக்கு. அதோடு முன்பணமும் இருக்கிறது. உரம் வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று வாங்கிய முன்பணத்தின் பாக்கி, மாதக் கடைசியில் அடுத்த மாதக் கணக்குக்குப் போக வேண்டும். கடைசி லாரி எடை போட்டதும் கணக்கர் "அடுத்த மாதம் திற" என்ற பட்டனை அழுத்துவார். புதிய மாதக் கணக்கு பிறக்கும், பாக்கிகள் அதில் ஏறும். மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பட்டனுக்கு வேலை.

2023 ஜனவரி 31, ராத்திரி பத்தரை மணிக்கு முதல் போன்.

"ஏம்மா, பட்டனை அழுத்திட்டேன். திறந்தாச்சுன்னு பச்சையா எழுத்தும் வருது. ஆனா லிஸ்ட்ல பிப்ரவரியைக் காணோமே?"

"திரும்ப ஒரு தடவை அழுத்திப் பாருங்கண்ணா."

"அழுத்தினா ஏற்கெனவே இருக்குதுன்னு சொல்லுது. எங்கம்மா இருக்குது?"

லாகில் பிழை எதுவும் இல்லை. டிக்கெட்டில் "புதிய மாதம் தெரியவில்லை" என்று எழுதிப் பகல் டீமுக்கு அனுப்பினேன். காலை முதல் இலைச் சீட்டைப் போட்டதும் மென்பொருள் தானாகவே பிப்ரவரியைத் திறந்துவிட்டது. நடப்பு மாதக் கணக்கு இல்லையென்றால் அதுவே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பாக்கி மட்டும் பூஜ்யம். பகல் டீம் ஜனவரிப் பாக்கியை எடுத்துப் பிப்ரவரியில் போட்டு, "சரிசெய்யப்பட்டது" என்று மூடிவிட்டது.

பிப்ரவரி 28 அமைதியாகப் போனது. ஏப்ரல் 1, அதிகாலை ஒன்று இருபதுக்கு மறுபடி அதே போன். அன்று லாரி தாமதம். மே 31 ராத்திரி மறுபடி. ஒவ்வொரு டிக்கெட்டும் ஒவ்வொரு வார்த்தையில் இருந்தது: "மாதம் தெரியவில்லை", "பாக்கி காணோம்", "பட்டன் வேலை செய்யவில்லை". எழுதியவர்களும் வெவ்வேறு ஆட்கள். தேடினால் ஒன்றோடொன்று சேராது.

இதற்கு நடுவே வேறொரு குறை வந்துகொண்டிருந்தது. மார்ச்சில் ஒரு பாட்டி தொழிற்சாலைக்கு வந்து, பிப்ரவரியிலேயே தீர்ந்துபோன முன்பணத்தை மறுபடி பிடித்துவிட்டார்கள் என்று அழுதிருக்கிறார். மே மாதம் இன்னும் சிலர். சீட்டில் பாக்கி இருந்தது, அதனால் கணக்கர் பிடித்தார். முதலாளி கணக்கரைத் திட்டினார். எங்கள் பக்கத்திலும் அதற்கு "பயனர் தவறு" என்று பெயர் வைத்துத் தனியாக ஒதுக்கினோம். இரண்டும் ஒரே பிழையின் முன்பக்கமும் பின்பக்கமும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது சுமையை. மாதக் கடைசியில் எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன, ஏதோ பாதியில் நிற்கிறது என்று நினைத்தேன். அதற்காக ஒரு மாதம் வீணாகச் செலவழித்தேன். சுமைதான் காரணம் என்றால் ஜூன் 30-ம் ஜூலை 31-ம் அதே அளவு கனமான இரவுகள். இரண்டிலும் போன் வரவில்லை. வராத நாளும் ஒரு சாட்சி என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 31. மழை, கரண்ட் இல்லை, யுபிஎஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்குப் போன்.

"செப்டம்பர் வரலை, ம்மா. இந்தத் தடவை நான் எதையும் தொடலை. அப்படியே வச்சிருக்கேன். நீயே பாரு."

அவர் தொடாமல் வைத்ததுதான் பெரிய உதவி. கணக்குகளின் பட்டியலை மாத வரிசையில் பார்க்காமல், அவை பிறந்த நேர வரிசையில் முதல் தடவையாகக் கேட்டேன்:

```sql
SELECT yr, mon, created_at
FROM ledger
WHERE yr = 2023
ORDER BY created_at;
```

மாத எண்கள் இப்படி வந்தன: 1, 3, 2, 5, 4, 7, 6, 8, 10. நேரங்கள் சர்வரின் யூடிசிப்படி, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மூன்றாம் மாதம் பிறந்தது `2023-01-31 17:02`. இரண்டாம் மாதம் அதற்குப் பின்னால், `2023-02-01 01:10`. மார்ச் பிப்ரவரிக்கு முன்னாலேயே பிறந்திருக்கிறது. இப்போது என் கண்ணெதிரே அக்டோபர் உட்கார்ந்திருக்கிறது, செப்டம்பர் இல்லை. மாதக் கடைசி நாளில் அடுத்த மாதம் வரைதான் திரை காட்டும், அதற்கு அப்பால் காட்டாது, அதனால் கணக்கருக்கு அது தெரியவே வழியில்லை.

அந்த வரிசையிலேயே மற்றதற்கும் விளக்கம் இருந்தது. ஜனவரிக் கடைசியில் பிறந்த மார்ச், ஜனவரிப் பாக்கிகளைச் சுமந்துகொண்டு ஒரு மாதம் ஒளிந்திருந்தது. பிப்ரவரி 28 அன்று கணக்கர் பட்டனை அழுத்தியபோது, மார்ச் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. லிஸ்ட்டில் மார்ச் ஒழுங்காகத் தெரிந்தது, அதனால் போன் இல்லை. உள்ளே இருந்ததோ ஒரு மாதம் பழைய பாக்கி. பிப்ரவரியில் கடனைத் தீர்த்த பாட்டியின் பெயரில் அது அப்படியே உயிரோடு இருந்தது.

ஏன் ஒரு மாதம் தாண்டுகிறது என்பதற்கு நிரலில் மூன்றே வரிதான். தேதியை மட்டும் ஜனவரி 31 என்று கையால் கொடுத்து ஓட்டினேன்:

```js
const d = new Date(2023, 0, 31);
d.setMonth(d.getMonth() + 1);
console.log(d.getMonth() + 1);   // 3
```

ஜாவாஸ்கிரிப்ட்டில் `setMonth` மாதத்தை மட்டும் மாற்றும், நாளைத் தொடாது. ஜனவரி 31-ல் மாதத்தைக் கூட்டினால் "பிப்ரவரி 31" ஆகிறது. அப்படி ஒரு நாள் இல்லாததால், 28-க்கு மேல் மிஞ்சிய மூன்று நாளும் வழிந்து மார்ச் 3 ஆகிவிடுகிறது. பிழைச் செய்தி வராது, எதுவும் நிற்காது. அதனால்தான் லாக் சுத்தமாக இருந்தது.

வருடம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன்:

```js
for (let i = 0; i < 365; i++) {
  const d = new Date(2023, 0, 1 + i);
  const day = d.toDateString();
  const want = (d.getMonth() + 1) % 12;
  d.setMonth(d.getMonth() + 1);
  if (d.getMonth() !== want) console.log(day);
}
```

ஏழு நாள் வந்தது: ஜனவரி 29, 30, 31, மார்ச் 31, மே 31, ஆகஸ்ட் 31, அக்டோபர் 31. ஜனவரி 29-லும் 30-லும்கூடப் பிழை இருக்கிறது. அந்த நாட்களில் யாரும் பட்டனை அழுத்தாததால் மாதக் கடைசிப் பிழை மாதிரி வேஷம் போட்டது. ஜூலை 31 பட்டியலில் இல்லை, ஏனென்றால் அடுத்து வரும் ஆகஸ்டுக்கும் 31 நாள். டிசம்பர் 31-ம் அப்படித்தான். முப்பது நாள் மாதங்களுக்கும் ஆபத்து இல்லை.

உங்களுக்கு உடனே உதவக்கூடியது இதுதான். தேதிப் பட்டியலே பிழை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஜனவரி, மார்ச், மே, ஆகஸ்ட், அக்டோபர் கடைசிகளில் வந்து, ஜூலையிலும் டிசம்பரிலும் வராவிட்டால், எங்கோ "அடுத்த மாதம்" கணக்கிடும்போது நாள் வழிகிறது. மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் கடைசிகளில் வந்து, ஜனவரியிலும் ஆகஸ்டிலும் வராவிட்டால், "போன மாதம்" கணக்கிடும் இடத்தைத் தேடுங்கள். அறிக்கைகளில்தான் அது அதிகம் இருக்கும். எல்லா மாதக் கடைசியிலும், 30-ஆம் தேதிகளிலும்கூட வந்தால் இந்தக் கதை உங்களுக்குப் பொருந்தாது. அப்போது `BETWEEN '2023-06-01' AND '2023-06-30'` மாதிரியான வரிகளைப் பாருங்கள். நேரத்தோடு சேர்த்துப் பதிவாகும் நெடுவரிசையில் அது 30-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவோடு நின்றுவிடும், அந்த நாள் முழுவதும் விட்டுப்போகும்.

எல்லா இடத்திலும் நாள் வழியாது என்பதையும் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 என்று பிடித்து நிறுத்திவிடும். ஜாவாவின் `plusMonths` செய்வதும் அதையே. மாதம் தாண்டாது, ஆனால் கிடைத்த தேதியோடு மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும், 31 திரும்பி வராது. தவணைத் தேதி ஒரு பிப்ரவரிக்குப் பிறகு 28-லேயே ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அன்றிரவு அவசரம் வேறு. காலையில் முதல் சீட்டு விழுந்தால் வெற்றுச் செப்டம்பர் பிறந்துவிடும், பிறகு இரண்டையும் பிரிப்பது சிரமம். என் மேலாளரை எழுப்பி அனுமதி கேட்டேன். யோசித்துப் பார்த்தால் அந்த அக்டோபர் தப்பான கணக்கே இல்லை. உள்ளே இருந்தவை ஆகஸ்ட் கடைசிப் பாக்கிகள், செப்டம்பரில் இருக்க வேண்டியவை. பெயர்தான் தப்பு. பிரதி எடுத்து வைத்துவிட்டு, எண்ணை மட்டும் மாற்றினேன்:

```sql
START TRANSACTION;
UPDATE ledger SET mon = 9
WHERE yr = 2023 AND mon = 10;
-- ஒரே ஒரு வரிசை மாறியதா என்று பார்த்த பிறகே
COMMIT;
```

கணக்கர் போனிலேயே இருந்தார். லிஸ்ட்டில் செப்டம்பர் வந்தது. கையெழுத்து நோட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக அவர் படிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். முடிக்கும்போது மணி ஒன்றரை.

மறுநாள் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது, அதை இந்திய நேரத்துக்கு மாற்றினால் தீரும் என்று. ஏப்ரல் 1 டிக்கெட்தான் அப்படி நினைக்க வைத்தது, 31 வராத தேதியில் வந்த ஒரே போன் அது. ஆனால் ஏப்ரல் 1 ஒன்று இருபது என்பது யூடிசியில் மார்ச் 31, 19:50. அதுவும் பட்டியலுக்குள்தான் அடங்குகிறது. நேரத்தை மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். நள்ளிரவு தாண்டி அழுத்தும் கணக்கருக்கு, சர்வரில் இன்னும் பழைய தேதி இருந்ததால்தான் முப்பது நாள் மாதங்களில் சரியான மாதம் திறந்தது. காலை ஐந்தரைக்குத்தான் சர்வருக்கு ஒன்றாம் தேதி. இந்திய நேரம் வைத்தால், பன்னிரண்டு மணிக்கு மேல் யார் அழுத்தினாலும், எந்த மாதமானாலும், ஒரு மாதம் தாண்டித்தான் திறக்கும். அதற்கு நாள் வழியவே வேண்டாம்.

நாளை 1 என்று வைத்துவிட்டு மாதத்தைக் கூட்டலாம் என்று இன்னொருவர் சொன்னார். வழிவது நிற்கும், கடிகாரத்தை நம்புவது நிற்காது. நான் கேட்டது வேறு. அடுத்த கணக்கு எது என்பதற்கு இன்றைய தேதி எதற்கு? கடைசியாக மூடப்போகும் கணக்கு எதுவோ, அதற்கு அடுத்தது:

```js
function nextMonth(y, m) {   // m: 1 முதல் 12 வரை
  return m === 12 ? [y + 1, 1] : [y, m + 1];
}
```

மூடப்போகும் கணக்கின் வருடத்தையும் மாதத்தையும் இதற்குக் கொடுத்தால் போதும். ராத்திரி பத்துக்கு அழுத்தினாலும், விடிகாலை மூன்றுக்கு அழுத்தினாலும், இரண்டு நாள் தாமதமாக அழுத்தினாலும் விடை ஒன்றுதான். கூடவே, எந்த மாதம் திறந்தது என்று பச்சை எழுத்திலேயே காட்டச் சொன்னேன். அந்த ஒரு சொல் ஜனவரியிலேயே இருந்திருந்தால் கணக்கரே அன்றிரவு பிழையைப் பிடித்திருப்பார்.

பிறகு பழைய பாக்கிகள். மார்ச், மே, ஜூலை மாதங்களின் தொடக்கப் பாக்கியை அதற்கு முந்தைய மாதத்தின் முடிவுப் பாக்கியோடு ஒப்பிட்டு ஓட்டினோம். அந்தத் தொழிற்சாலையில் மட்டும் பதினான்கு பேருக்கு இரண்டாம் தடவை பிடித்தம் ஆகியிருந்தது. பட்டியலை முதலாளிக்கு அனுப்பும்போது, பிழை எங்கள் நிரலில் இருந்தது, கணக்கர் ஒவ்வொரு முறையும் சரியாகவே செய்தார் என்று முதல் வரியில் எழுதச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். எழுதினார்.

அக்டோபர் 31 ராத்திரி நான் போனை மேசை மேலேயே வைத்திருந்தேன். பத்து ஐம்பதுக்கு அடித்தது.

"நவம்பர் 2023 திறந்தாச்சுன்னு வந்திருக்குது, ம்மா. லிஸ்ட்லயும் இருக்குது."

"பாக்கி?"

"நோட்டோட ஒத்துப் பாத்துட்டேன். அந்தப் பாட்டிக்குப் பூஜ்யம்."